கடை டெலிவரிக்கு பைக்கா, ஸ்கூட்டரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் தினமும் வீடுகளுக்குச் சரக்கு கொடுக்க வேண்டும். பைக் வாங்கலாமா, ஸ்கூட்டர் வாங்கலாமா?

ஒரு நடையில் எத்தனை இடத்தில் இறங்குவீர்கள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். எடைக் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பின்சீட்டில் பெட்டி கட்டிய பைக்கில் காலைப் பின்பக்கமாக வீசி ஏற முடியாது. பெட்டி தடுக்கும். முன்பக்கமாகக் காலை மடக்கி, டேங்குக்கு மேலே தூக்கிப் போட்டுத்தான் உட்கார வேண்டும். இரண்டு மூன்று தடவை என்றால் பரவாயில்லை. ஒரு தெருவுக்கு ஐந்து வீடு, மொத்தம் நான்கு தெரு என்றால் இதுதான் இடுப்பை ஒடிக்கும். வேட்டி கட்டுபவர்களுக்கும் சேலை கட்டும் பெண்களுக்கும் இது இன்னும் சிரமம். ஸ்கூட்டரில் நடுவே திறந்திருப்பதால் நாற்காலியில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்து எழுந்துவிடலாம்.

ஆகவே, சின்னச் சின்ன ஆர்டர், நிறைய வீடு, எல்லாம் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் என்றால் ஸ்கூட்டர். குறைவான இடங்கள், ஒவ்வொன்றிலும் மூட்டை இறக்க வேண்டும், நடுவில் நீண்ட ஓட்டம் அல்லது மோசமான கிராமச் சாலை என்றால் பைக். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் டிவிஎஸ் எக்ஸெல் வாங்குகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

எக்ஸெல்லை எதில் சேர்ப்பது? அதுவும் ஸ்கூட்டர்தானா?

இல்லை, மொபெட். ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் தேவையானதை எடுத்துக்கொண்ட வண்டி. ஸ்கூட்டரைப் போல நடுவே காலை வைத்து ஏறலாம், கியர் மாற்றும் வேலை கிடையாது. பைக்கைப் போல 16 அங்குலச் சக்கரம், செயின், பின்னால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர். பின்சீட்டைக் கழற்றிவிட்டால் தட்டையான கேரியர் கிடைக்கும். 1980இல் டிவிஎஸ் 50 என்று ஓசூரிலிருந்து வந்த அதே வம்சம். இப்போதுள்ள எக்ஸெல் 100, 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தது.

பலவீனமும் உண்டு. டேங்க் 4 லிட்டர்தான். முன்னும் பின்னும் டிரம் பிரேக். கியர் ஒன்றே ஒன்று என்பதால் சுமையோடு செங்குத்தான மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். நெடுஞ்சாலையில் லாரிகளோடு ஓட வேண்டியவருக்கு இது சரிவராது. ஊருக்குள் மளிகை, பால், காய்கறி, தண்ணீர் கேன் என்றால், என்னைக் கேட்டால், முதலில் இதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு எடை வரை ஏற்றலாம்? பக்கத்துக் கடைக்காரர் மூன்று மூட்டை அரிசி ஏற்றுகிறாரே?

வண்டியின் கையேட்டில் தாங்கும் எடை போட்டிருக்கும். இங்கே விற்கும் சாதாரண இருசக்கர வண்டிகள் பலவற்றில் அது 130 கிலோவை ஒட்டி இருக்கும். நிறையப் பேர் கவனிக்காதது, அந்த 130இல் ஓட்டுபவரின் எடையும் சேர்த்தி என்பதுதான்.

ஓட்டுபவர் 68 கிலோ. இரும்புக் கேரியரும் பெட்டியும் சேர்ந்து 10 கிலோ. மீதி 52 கிலோ. 26 கிலோ அரிசி மூட்டை இரண்டு வைத்தால் கணக்கு முடிந்தது, எண்ணெய் பாக்கெட்டுக்குக் கூட இடம் இல்லை. (2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு ஆலைக்காரர்கள் 26 கிலோவாகக் கட்டத் தொடங்கினார்கள். அதனால் மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதல் என்று நினைவில் வையுங்கள்.) 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் கேனோடு சேர்த்து ஒன்று 21 கிலோ வரும், இரண்டு ஏற்றலாம்.

மூன்று மூட்டை ஏற்றினால் வண்டி உடனே உடைந்துவிடாது. ஓடும். பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், பின் டயர் நடுவில் வழுக்கையாகும், சக்கரக் கம்பிகள் தளரும். ஆறு மாதம் கழித்து மெக்கானிக் பில்லில்தான் அந்த மூன்றாவது மூட்டை தெரியும்.

ஒரே எடையை ஏற்றினாலும் ஸ்கூட்டர் ஆட்டம் காட்டுகிறது, பைக் காட்டுவதில்லை. ஏன்?

எடையை எங்கே வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்கூட்டரில் எஞ்சின் பின்சக்கரத்தோடு ஒட்டியே இருக்கிறது. காலியாக நிற்கும்போதே எடை பின்னால்தான். அதன் மேல் சீட்டுக்குப் பின்னே கேரியர் அடித்து 30 கிலோ வைத்தால், பின் அச்சுக்குப் பின்னால் எடை தொங்கி முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். ஹேண்டில்பார் லேசாகிவிடும். 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் கையை லேசாகத் தளர்த்தினால் ஹேண்டில் தானாக இடமும் வலமும் உதறும். அப்படி உதறினால் சுமையை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பொருள்.

ஸ்கூட்டரின் நல்ல இடம் கால் வைக்கும் தளம். அது தாழ்வாக இருக்கிறது, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு மூட்டையை அங்கே படுக்க வைத்தால் வண்டி முன்னைவிட நிதானமாகவே ஓடும். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில் இருப்பதால் காலுக்கு வேலை இல்லை, தளத்தை ஓரளவு விட்டுக்கொடுக்க முடிகிறது. அதற்காகக் காலை வெளியே தொங்கப் போட்டு ஓட்டக் கூடாது. பாதத்தின் பாதியாவது தளத்தில் ஊன்ற இடம் வேண்டும். சரக்கின் உயரம் முழங்காலைத் தாண்டக் கூடாது. கிளம்புமுன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். மூட்டையிலோ முட்டியிலோ இடித்தால் இறக்கி மாற்றி வையுங்கள்.

பைக்கில் அந்த நடு இடம் கிடையாது. டேங்கும் எஞ்சினும் இருக்கின்றன, கால்களுக்கும் கியர், பின் பிரேக் என்று வேலை இருக்கிறது. ஆனால் பின்சீட்டு இருக்கும் இடம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் வருகிறது. சீட்டைப் பாதியாக்கி அந்த இடத்தில் பெட்டி வைத்தால் எடை சரியாக உட்காரும். இரண்டு பக்கமும் தொங்கும் பை அல்லது கூடை இன்னும் நல்லது, ஏனென்றால் எடை கீழே இறங்குகிறது. அதில் ஒரு தொல்லை, இறக்கும் வரிசை. வலப்பக்கத்திலிருந்து தண்ணீர் கேனை இறக்கியதும் இடப்பக்கம் 21 கிலோ இழுக்கும். அடுத்த வீடு வரைதானே என்று அப்படியே ஓட்டினால் வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு பக்கமும் சமமாகக் குறைகிற மாதிரி ஆர்டர்களைப் பிரித்து வைக்க வேண்டும், முடியாவிட்டால் மீதியை நடுவுக்கு மாற்ற வேண்டும்.

சக்கரமும் ஒரு காரணம். ஆக்டிவா போன்ற பல ஸ்கூட்டர்களில் பின்சக்கரம் 10 அங்குலம். ஸ்பிளெண்டர் போன்ற பைக்கில் 18. சின்னச் சக்கரம் குழியில் முழுதாக இறங்கி ஏறும், பெரிய சக்கரம் குழியின் விளிம்பிலேயே தாண்டிவிடும். முட்டை தட்டு கொண்டு போகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

காற்று எவ்வளவு பிடிக்க வேண்டும்?

சுமை ஏற்றினால் 'பின்னால் ஆள் இருக்கும்போது' என்று கையேட்டில் போட்டிருக்கும் அளவைப் பிடியுங்கள். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டரில் பின் டயருக்குத் தனியாக ஓட்ட 29, ஆளோடு 36. முன் டயர் 22. பங்க்கில் பையன் வழக்கம்போல் முப்பது வைத்து அனுப்பிவிடுவான். வாயைத் திறந்து கேட்டு 36 வாங்குங்கள். வாரம் ஒரு முறை காலையில், டயர் சூடாகுமுன் பார்க்க வேண்டும்.

பின்னால் பெரிய பெட்டி மாட்டினால் போலீஸ் பிடிப்பார்களா?

பெட்டிக்கு அளவு இருக்கிறது. 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தப்படி, இருசக்கர வண்டியில் மாட்டும் இலகுவான பெட்டியின் நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500ஐத் தாண்டக் கூடாது. பின்சீட்டு இடத்தில் பெட்டி இருந்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம், இன்னொருவரை ஏற்றக் கூடாது.

வெல்டிங் பட்டறைக்குப் போகும்போது இந்த மூன்று எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'இன்னும் நாலு இஞ்சு சேர்த்துப் போடுங்கண்ணே, நிறையப் பிடிக்கும்' என்று அவர்கள் இஷ்டத்துக்கு அடிப்பார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: வண்டியின் சட்டத்தில் நேரடியாக வெல்டிங் வைக்கக் கூடாது. கம்பெனி விட்டிருக்கும் போல்ட் ஓட்டைகளில் மாட்டுகிற மாதிரி கேரியர் செய்யச் சொல்லுங்கள். சட்டத்தில் சூடு பட்ட இடம்தான் பிறகு விரிசல் விடும்.

சாதாரண வெள்ளை போர்டு வண்டியிலேயே கடைச் சரக்கு கொண்டு போனால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இதை வண்டி விற்பவர் யாரும் சொல்லமாட்டார். உங்கள் பாலிசியை எடுத்து 'பயன்பாட்டு வரம்பு' பகுதியைப் படியுங்கள். சொந்தப் பயன்பாட்டு இருசக்கர வண்டிப் பாலிசிகளில் வாடகைக்கு ஓட்டுவதும், மாதிரிப் பொருள், சொந்த மூட்டை முடிச்சு தவிர்த்த சரக்கு ஏற்றுவதும் வரம்புக்கு வெளியே என்று இருப்பது வழக்கம். உங்கள் கடையின் சொந்தச் சரக்குதானே என்று நீங்கள் வாதிடலாம். விபத்து நடந்து சர்வேயர் வந்து, ரோட்டில் சிதறிக் கிடக்கும் பருப்புப் பாக்கெட்டுகளைப் போட்டோ எடுத்த பிறகு வாதிடுவதைவிட, முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாலிசி எடுக்கும்போதே கம்பெனிக்கு மின்னஞ்சலில், 'என் கடைச் சரக்கை வீடுகளுக்குக் கொண்டுபோகப் பயன்படுத்துவேன், இதற்குக் காப்பு உண்டா' என்று கேளுங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இல்லை என்றால் எந்தப் பாலிசி பொருந்தும், பதிவை மாற்ற வேண்டுமா என்று அவர்களையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் கேளுங்கள்.

வண்டியைக் கடைப் பையன் ஓட்டினால் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு வண்டியின் உரிமையாளருக்கு மட்டும்தான். அவனுக்குக் கிடையாது. அவனுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

மைலேஜில் பைக் எவ்வளவு மிச்சம் பிடிக்கும்?

ஒரு கணக்குப் போடுவோம். நாளுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள், மொத்தம் 780 கிலோமீட்டர். சுமையோடு நின்று நின்று போகும்போது விளம்பர மைலேஜ் கிடைக்காது. 100 சிசி பைக்குக்கு லிட்டருக்கு 52 என்றும், 110 சிசி ஸ்கூட்டருக்கு 38 என்றும் வைத்துக்கொள்வோம். பைக்குக்கு 15 லிட்டர், ஸ்கூட்டருக்கு இருபதரை லிட்டர். பெட்ரோல் 101 ரூபாய் என்றால் 1,515 ரூபாய்க்கு எதிராக 2,070 ரூபாய். மாதம் 550 ரூபாய் சொச்சம் வித்தியாசம்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். நாளுக்கு 25 வீடு. பைக்கில் ஸ்டாண்ட் போட்டு, காலை மடக்கி இறங்கி, பின்பெட்டியைத் திறந்து, மறுபடி ஏற, ஸ்கூட்டரைவிட வீட்டுக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆனால் நாளுக்குப் பன்னிரண்டரை நிமிடம், மாதத்துக்கு ஐந்தரை மணி நேரம். அந்த நேரத்துக்கு உங்கள் கடையில் 550 ரூபாய்க்கு மேல் மதிப்பு உண்டா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். சாயங்காலம் ஆறு மணிக் கூட்டத்தில் கல்லாவில் ஆள் இல்லாமல் போவது என்றால் நிச்சயம் உண்டு. ஆனால் அதே 30 கிலோமீட்டரில் ஆறு இடம்தான் இறங்குகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். பைக்தான் லாபம்.

ஸ்கூட்டரில் சுமை அடித்தால் பெல்ட் போய்விடும் என்கிறார்களே?

போகும், சீக்கிரம் போகும். ஸ்கூட்டரில் செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட். இரண்டு புல்லிகளிலும் அது மேலும் கீழும் நகர்ந்து ஓடித்தான் கியர் மாறுகிற வேலை நடக்கிறது. சுமையோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் ஷூ உரசிச் சூடாகும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நூறு மீட்டர் என்றால் பெல்ட்டும் கிளட்சும் ஆறவே நேரம் கிடைக்காது.

முதல் அறிகுறி, கிளம்பும்போது வண்டி முழுக்க ஒரு நடுக்கம். கிளட்ச் ஷூ பளபளப்பாகத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிரித்துச் சுத்தம் செய்து உப்புத்தாள் போட்டால் பல சமயம் சரியாகும். அடுத்தது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கூடவே ரப்பர் தீய்ந்த வாடை வந்தால் பெல்ட்டின் காலம் முடிந்தது. அறுந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும், ரோட்டோரக் கடையில் ஒட்டுப் போட முடியாது, தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அதனால் கையேட்டில் பெல்ட் மாற்றச் சொல்லியிருக்கும் கிலோமீட்டருக்கு மூன்றில் இரண்டு பங்கிலேயே பிரித்துப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்காமல் மெதுவாகக் கொடுத்தால் ஷூ நிறைய நாள் வரும். சிக்னலில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டர் கொடுக்கும் பழக்கம் கடைப் பையன்களுக்கு உண்டு. அதை முதலில் நிறுத்துங்கள்.

பைக்கில் அப்படி எதுவும் கெடாதா?

கெடும், ஆனால் சொல்லிவிட்டுக் கெடும், தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார். செயின் தொங்கும். வாராவாரம் விரலால் தூக்கிப் பார்த்து, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஆடினால் இறுக்கி எண்ணெய் விட வேண்டும். கம்பிச் சக்கரம் என்றால் ஒரு ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று வராமல் 'டொக்' என்றால் அது தளர்ந்திருக்கிறது.

கொடைக்கானல், ஏற்காடு மாதிரி மலை ஊர்களில்?

பைக். ஏறுவதற்காக மட்டும் சொல்லவில்லை, இறங்குவதற்காக. சுமையோடு இறங்கும்போது பைக்கை இரண்டாம் கியரில் போட்டால் எஞ்சினே பாதி பிடித்து வைக்கும். ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும், வண்டி உருளத் தொடங்கும், முழுப் பாரமும் பிரேக் மேல். டிரம் சூடாகி லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டால் நிறுத்தி ஆற விடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கடைப் பையனிடம் கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ்தான் இருக்கிறது. பைக் ஓட்டலாமா?

கூடாது. ஸ்கூட்டரும் எக்ஸெல்லும் ஓட்டலாம். கியர் உள்ள வண்டிக்கு லைசென்ஸ் எடுத்தவர் எல்லாவற்றையும் ஓட்டலாம். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கடைக்கு இது ஒன்றே போதுமான காரணம், கியர் இல்லாத வண்டி வாங்க.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்?

நாளுக்கு 30 கிலோமீட்டர், இரவு கடையிலேயே சார்ஜ் என்றால் வேலைக்குப் பொருந்தும். நின்று நின்று போவது அதற்குப் பிரச்சினை இல்லை, பெல்ட்டுக் கிளட்ச் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. ஆனால் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும், பதிவும் லைசென்ஸும் வேண்டாத 250 வாட் வண்டிகளைச் சுமைக்கு வாங்காதீர்கள். 50 கிலோவோடு பாலம் ஏறத் திணறும். சரக்குக்கென்றே செய்த மாடல்களைப் பாருங்கள். பின்னால் நீண்ட தளம், இரண்டு ஷாக் அப்சார்பர், கழற்றி மாட்டும் பேட்டரி, இந்த மூன்றும் இருக்க வேண்டும். ஒரு நாள் கேட்டு வாங்கி, உங்கள் சரக்கையே ஏற்றி, உங்கள் தெருக்களிலேயே ஓட்டிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

எப்போது இரண்டுமே வேண்டாம்?

பெரும்பாலான நாட்களில் ஒரு நடைக்கு 60 கிலோவைத் தாண்டுகிறது, அல்லது ஒரே தெருவுக்கு மூன்று நடை போக வேண்டியிருக்கிறது என்றால் லோடு ஆட்டோவைப் பற்றி யோசிக்கலாம். மாதத்தில் முதல் வாரம் மட்டும் அப்படி என்றால் சொந்தமாக வாங்க வேண்டாம். சம்பளம் வரும் அந்த ஐந்தாறு நாளுக்கு வாடகைக்கு ஒன்றைப் பேசிக்கொண்டு, அரிசி மூட்டைகளை மட்டும் அதில் அனுப்பிவிட்டு, மீதியை ஸ்கூட்டரிலேயே கொடுத்துவிடலாம்.